பொட்டு வைத்த இடம் அரித்துக் கறுக்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

நெற்றி முழுவதும் நன்றாக இருக்கிறது. பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் அரிப்பு. சொறிந்தால் லேசாகச் சிவக்கிறது, பொடிப்பொடியாகத் தோல் உரிகிறது, சில வாரங்களில் அந்த இடம் கறுத்துப்போகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது வேறு கம்பெனிப் பொட்டுக்கு மாறுவது. சிவப்பை விட்டு மெரூனுக்கு மாறுவார்கள், பெரியதை விட்டுச் சின்னதை வாங்குவார்கள். அரிப்பு போவதில்லை. காரணம் எளிது. ஸ்டிக்கர் பொட்டில் நாம் பார்ப்பது முன்பக்கம், தோலைத் தொடுவது பின்பக்கம். வெல்வெட்டின் நிறமும் கல்லின் பளபளப்பும் மாறினாலும், பின்னால் தடவியிருக்கும் பசை ஏறக்குறைய ஒரே மாதிரியானதாகவே இருக்கலாம்.

அரிப்பு வந்தவுடன் "பொட்டு ஒத்துக்கலை" என்று மொத்தமாகச் சொல்லிவிடாமல், பொட்டில் உள்ள எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க வேண்டும். அது தெரியாதவரை மாற்றுப் பொட்டு தேடுவது குருட்டாம்போக்காகத்தான் இருக்கும்.

இத்தனை வருஷம் வராதது இப்போது ஏன்?

"இருபது வருஷமா இதே பொட்டுதான் வைக்கிறேன், இதனால எப்படி வரும்?" என்ற கேள்வி கட்டாயம் எழும். இந்த வகை ஒவ்வாமை முதல் நாளில் வருவதில்லை. பசையிலோ சாயத்திலோ உள்ள ஒரு வேதிப்பொருள் தோலுக்குள் இறங்கி, அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடலின் காவல் செல்கள் ஒரு கட்டத்தில் அதை அந்நியப் பொருள் என்று குறித்துவைத்துக்கொள்கின்றன. இந்தக் குறித்துவைத்தல் நடக்கக் குறைந்தது பத்துப் பதினைந்து நாள் ஆகும். பலருக்குப் பல வருடத் தொடர்ப் பழக்கத்துக்குப் பிறகே நடக்கிறது, சிலருக்கு நடப்பதே இல்லை. ஒருமுறை குறித்துவிட்டால் அந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது. ஒரு வருடம் விட்டுவிட்டு மறுபடி வைத்தாலும் அரிப்பு திரும்பும்.

இன்னொரு குழப்பம் நேரத்தால் வருவது. பொட்டு வைத்த ஐந்து நிமிடத்தில் இது தடிப்பதில்லை. ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்துத்தான் அரிப்பு தொடங்கும். வெள்ளிக்கிழமை கோவிலில் வைத்த குங்குமத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அரிப்பு எடுத்தால், நாம் ஞாயிறு காலையில் பூசிய கிரீமைச் சந்தேகப்படுவோம். அதனால் சந்தேகப் பட்டியல் எழுதும்போது முந்தின மூன்று நாளில் நெற்றியில் பட்டதையெல்லாம் எழுத வேண்டும்.

எல்லா அரிப்பும் ஒவ்வாமை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரியும் பகலுமாக ஒரே ஸ்டிக்கர், அதன் அடியில் தேங்கிய வியர்வை, பிறகு அதை வெடுக்கென்று பிய்த்தெடுப்பது: இவை போதும், யாருடைய தோலும் எரிச்சலடையும். இந்த எரிச்சலில் அரிப்பைவிடக் காந்தலும் எரிவும் முன்னால் நிற்கும். பொட்டின் எல்லைக்குள்ளேயே அடங்கியிருக்கும். இரண்டு மூன்று நாள் பொட்டில்லாமல் விட்டால் அமைதியாகிவிடும். ஒவ்வாமையில் அரிப்பே முதன்மை. விட்ட பிறகும் ஒரு வாரம் இழுக்கும், சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வரலாம், பொட்டின் விளிம்பைத் தாண்டியும் பரவும்.

சந்தேகப்பட வேண்டிய பொருட்கள்

ஸ்டிக்கர் பொட்டில் முதல் சந்தேகம் பசை. பசைகளில் சேர்க்கப்படும் ஒரு பிசினுக்குப் பாரா டெர்ஷியரி பியூட்டைல்ஃபீனால் ஃபார்மால்டிஹைட் பிசின் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பரிசோதனை முடிவுத்தாளில் இதுதான் வரும் என்பதால் ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது. இந்தக் கட்டுரையில் இனி 'பியூட்டைல்ஃபீனால் பிசின்' என்று சுருக்கிச் சொல்கிறோம். இதே பிசின் செருப்பு, தோல் கைக்கடிகார வார், கைப்பை ஆகியவற்றை ஒட்டும் பசையிலும் இருக்கிறது. பைன் மரத்திலிருந்து எடுக்கும் ரோசின் என்ற பிசினும், அக்ரிலேட் வகைப் பசைகளும் அடுத்த சந்தேகங்கள். கல் பதித்த பொட்டில் உலோக விளிம்பு தோலில் பட்டால் நிக்கலும் சேர்ந்துகொள்ளும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குங்குமத்தில் கதை வேறு. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதுதான் பழைய முறை. கடையில் கிடைக்கும் பல குங்குமங்களில் அந்தச் சிவப்பு செயற்கைச் சாயத்திலிருந்து வருகிறது. அசோ என்ற சாயக் குடும்பம், அதிலும் சூடான் 1 என்ற சாயம், தோலைக் கறுக்கவைக்கும் ஒவ்வாமைக்குப் பேர்போனது. கூடவே வாசனைத் திரவியமும் எண்ணெயும் இருக்கும். சூடான் வகைச் சாயங்கள் எண்ணெயில் கரையக்கூடியவை. குங்குமம் நிற்பதற்காக அடியில் எண்ணெயோ வாசலினோ தொட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது சாயத்தைக் கரைத்துத் தோலோடு இன்னும் நெருக்கமாக ஒட்டவைக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது இங்கே எதிராகத் திரும்பிவிடுகிறது.

பாட்டிலில் வரும் திரவச் சாந்தில் சாயம், படலமாகக் காய்வதற்கான பிசின், கெட்டுப்போகாமல் வைக்கும் பொருள், வாசனை என எல்லாமே இருக்கும். எது காரணம் என்று பெயரைப் பார்த்து ஊகிக்க முடியாது.

கறுப்பின் வடிவத்தைப் படிப்பது

கண்ணாடி முன் நல்ல பகல் வெளிச்சத்தில் நின்று அந்தக் கறுப்பின் ஓரத்தைப் பாருங்கள். பொட்டை அச்செடுத்தது போல வட்டமாக, ஓரம் தெளிவாக இருந்தால் ஸ்டிக்கர் பசைமேல் சந்தேகம் கூடும். ஓரம் தெளிவில்லாமல் கலைந்து, மேலும் கீழுமாக நீண்டு, மூக்குத் தண்டின் மேல்பகுதிவரை இறங்கியிருந்தால் பொடியாகவோ திரவமாகவோ வழிந்த ஒன்று காரணம். வகிட்டில் குங்குமம் வைப்பவர்களுக்கு அங்கேயும் அரிக்கும். தாலியில் குங்குமம் வைப்பவர்களுக்குத் தாலி படும் மார்பின் மேல்பகுதியிலும் கறுப்பு விழும். இந்த மூன்று இடமும் சேர்ந்து வந்தால் குங்குமம் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம்.

நிறமும் ஒரு சேதி சொல்லும். பழுப்பு நிறமென்றால் நிறமி தோலின் மேலடுக்கில் இருக்கிறது, போகப்போக மறையும். சாம்பலும் நீலமும் கலந்த கறுப்பென்றால் நிறமி கீழடுக்குக்கு இறங்கிவிட்டது, மறைய நாளாகும். சாய ஒவ்வாமையில் இந்தச் சாம்பல் கறுப்பு அரிப்பே இல்லாமல் கூட வரும். அரிக்கவில்லையே என்று குங்குமத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

பொட்டு இடம் வெளுக்கத் தொடங்கினால் அது தனி விஷயம். பசைப் பிசினில் உள்ள பியூட்டைல்ஃபீனால், நிறமி உண்டாக்கும் செல்களையே கொல்லக்கூடியது. அரிப்பு வந்த பிறகும் வெளுக்கலாம், அரிப்பே இல்லாமலும் வெளுக்கலாம். அரிசி மணி அளவு வெள்ளை தெரிந்தாலும் அன்றே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். தொடர்ந்து வைத்தால் பொட்டு படாத இடங்களிலும் வெள்ளை தோன்றலாம்.

நெற்றிக் கறுப்புக்குப் பொட்டைத் தவிர்த்த காரணங்களும் உண்டு. நெற்றியோரம் முடி தொடங்கும் இடத்தையொட்டிக் கறுப்பும் அரிப்பும் இருந்தால் தலைச்சாயத்தைப் பாருங்கள். கன்னத்திலும் சேர்ந்து கறுப்பு இருந்தால் மங்கு. புருவ நடுவிலும் மூக்கோரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கோடு செதில் உரிந்தால் அது பொடுகு வகை.

நிறுத்திப் பார்ப்பது: அரிப்புக்கு ஒரு கணக்கு, கறுப்புக்கு வேறு கணக்கு

முதல் பரிசோதனைக்குச் செலவே இல்லை. மூன்று வாரம் நெற்றி வெறுமையாக இருக்க வேண்டும். ஸ்டிக்கர், குங்குமம், சாந்து, சந்தனம், விபூதி எதுவும் வேண்டாம். வாசனை உள்ள முகக் கிரீமும் வேண்டாம். வாசனையில்லாத சோப்பு, தோல் காய்ந்தால் வாசனையில்லாத வெறும் வாசலின், அவ்வளவுதான். இடையில் ஒரே ஒரு நாள் கல்யாணத்துக்காகப் பொட்டு வைத்துவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஒரு நாளின் விளைவு அடுத்த ஒரு வாரத்தைக் குழப்பிவிடும்.

இங்கேதான் பெரும்பாலானோர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். மூன்று வாரம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்து, "விட்டும் பார்த்தாச்சு, கறுப்பு அப்படியேதான் இருக்கு, பொட்டு காரணமில்லை" என்று சொல்லி மறுபடி வைத்துக்கொள்கிறார்கள். கறுப்பு மூன்று வாரத்தில் போகாது. பார்க்க வேண்டியது அரிப்பு, சொரசொரப்பு, சிவப்பு இந்த மூன்றையும்தான். காரணம் பொட்டுதான் என்றால் இவை பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் அடங்கும். தோலை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஆகியிருந்தால் அழற்சி அணைந்துவிட்டது, மீதி நிற்பது அதன் கறை மட்டுமே. மூன்று வாரம் முழுமையாக விட்டும் அரிப்பு குறையவே இல்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

வாரம் ஒருமுறை ஒரே ஜன்னல் அருகே, ஒரே நேரத்தில் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

கையில் செய்யும் சோதனை, முதுகில் செய்யும் சோதனை

நெற்றி முழுவதும் அமைதியான பிறகு குங்குமம், பாட்டில் சாந்து, பென்சில் போன்றவற்றைக் கையில் சோதிக்கலாம். முழங்கை மடியும் உள்பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவு இடத்தை எடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் அந்தப் பொருளை மெல்லிசாகத் தடவுங்கள். மேலே கட்டுப் போடக் கூடாது, திறந்தே இருக்கட்டும். ஏழு நாள் தொடர வேண்டும். நடுவில் அரிப்போ சிவப்போ பொரியோ வந்தால் உடனே கழுவி நிறுத்திவிடுங்கள், விடை கிடைத்துவிட்டது. ஒன்றும் வரவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் தொடர்ந்தால் முடிவு வலுப்படும். ஒரு நேரத்தில் ஒரே பொருள். இரண்டு பொருளை இரண்டு கையில் ஒரே வாரத்தில் சோதித்தால், ஒன்றில் எழுந்த அழற்சி மற்றதன் முடிவையும் கெடுத்துவிடலாம்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. கைத்தோலில் நெற்றியின் வியர்வையும் வெயிலும் இல்லை. அதனால் கையில் சரியென்று வந்தது நெற்றியில் சில சமயம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஸ்டிக்கர் பொட்டை வீட்டில் இப்படிச் சோதிக்க வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. மூடி ஒட்டும் பொருள் பலமான எதிர்வினை தரும், வெள்ளைத் தழும்பும் விழலாம். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

மருத்துவர் செய்வதற்குப் பேட்ச் டெஸ்ட் என்று பெயர். மேல்முதுகில் சிறிய உலோகக் கிண்ணங்களில் ஒவ்வாமைப் பொருட்களை வைத்து டேப்பால் ஒட்டுவார்கள். இந்தியாவில் வழக்கமாகச் சோதிக்கும் பொருட்களுக்கென ஒரு தொகுப்பே இருக்கிறது. நிக்கல், வாசனைக் கலவை, ரோசின், தலைச்சாயத்தில் உள்ள பாரா ஃபினைலின் டையமின், மேலே சொன்ன பியூட்டைல்ஃபீனால் பிசின் போன்றவை அதில் அடங்கும். நீங்கள் வைக்கும் பொட்டு அட்டையையும் குங்குமச் சிமிழையும் கையோடு கொண்டுபோனால் அவற்றையும் சேர்த்து ஒட்டச் சொல்லலாம். இதை மறக்காதீர்கள். தொகுப்பில் இல்லாத ஒரு சாயம் உங்கள் குங்குமத்தில் இருந்தால், உங்கள் குங்குமத்தை ஒட்டினால்தான் அது பிடிபடும்.

48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது. அதனால் சித்திரை வெயிலில் இதைத் தவிர்ப்பது நல்லது. இரண்டாம் நாள் எடுத்துவிட்டு ஒருமுறை பார்ப்பார்கள், நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். இரண்டாம் நாளோடு முடித்துக்கொள்ளாதீர்கள், தாமதமாக எழும் எதிர்வினை நான்காம் நாளில்தான் தெரியும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். அது எதிர்வினையை அமுக்கிப் பொய்யான 'இல்லை' காட்டும்.

ரத்தத்தில் எடுக்கும் அலர்ஜி டெஸ்ட் இதற்கு உதவாது. அது தும்மல், தடிப்பு, உணவு ஒவ்வாமை போன்ற உடனடி வகைக்கானது. பொட்டு ஒவ்வாமை ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் பொருளால் வருவதில்லை, செல்களால் வருகிறது. பெரிய தொகை கட்டி நூறு பொருளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தாலும் பசையின் பெயர் அதில் வராது.

ஒரு மாதிரி வழக்கு

படித்ததெல்லாம் எப்படிச் சேர்கிறது என்று பார்க்க, 38 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கல்லூரிக் காலத்திலிருந்தே ஸ்டிக்கர் பொட்டு. நாலு மாதமாகப் பொட்டு இடத்தில் அரிப்பு, வட்டமாகக் கறுப்பு. இரண்டு கம்பெனி மாற்றியும் பலனில்லை. ஸ்டிக்கரை விட்டுக் குங்குமத்துக்கு வந்தார், வாசலின் தொட்டு அதன்மேல் வைத்தார். அரிப்போடு எரிச்சலும் சேர்ந்தது, கறுப்பு மூக்குத் தண்டுவரை இறங்கியது. "ஸ்டிக்கரும் ஒத்துக்கலை, குங்குமமும் ஒத்துக்கலை" என்ற முடிவோடு மருத்துவரிடம் போகிறார்.

மருத்துவர் காலைப் பார்க்கிறார். செருப்பு வார் படும் இடத்தில், இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரிக் கறுத்த அரிப்புத் தடம். அதற்கும் நெற்றிக்கும் தொடர்பு இருக்கும் என்று இவர் நினைத்ததே இல்லை. மூன்று வாரம் நெற்றி வெறுமையாக விடப்படுகிறது. இரண்டாம் வாரத்துக்குள் அரிப்பு அடங்கிவிடுகிறது, கறுப்பு மட்டும் மீதி இருக்கிறது. பிறகு பேட்ச் டெஸ்ட். நான்காம் நாளில் பியூட்டைல்ஃபீனால் பிசினுக்கும் ஸ்டிக்கர் பொட்டுக்கும் தெளிவான எதிர்வினை, முடிவுத்தாளில் இரண்டு கூட்டல் குறி. குங்குமம் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை.

அப்படியானால் குங்குமம் ஏன் எரிந்தது? பசையால் புண்ணாகி மேல்தோல் உடைந்திருந்த இடத்தில் சுண்ணாம்புக் காரம் கலந்த பொடி பட்டதால். அது ஒவ்வாமை இல்லை, வெறும் எரிச்சல். தோல் ஆறிய பிறகு அதே குங்குமத்தைக் கையில் ஏழு நாள் சோதித்து, பிரச்சினையில்லை என்று தெரிந்தபின் எண்ணெய் தொடாமல் நெற்றியில் வைக்கலாம். ஸ்டிக்கரை நிரந்தரமாக விட வேண்டும். செருப்பையும் பசையால் ஒட்டாமல் தைத்ததாகவோ ஒரே வார்ப்பாக வந்ததாகவோ மாற்ற வேண்டும். இந்தப் பெண் சோதனை செய்யாமல் இருந்திருந்தால் தேவையில்லாமல் குங்குமத்தை விட்டிருப்பார், காலில் அரிப்பும் தொடர்ந்திருக்கும்.

கறுப்பை என்ன செய்வது

அரிப்பு அணையாமல் கறுப்புக்கு வைத்தியம் செய்வது வீண். அழற்சி நீடிக்கும்வரை புது நிறமி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அரிப்பு கடுமையாக இருந்தால் மருத்துவர் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் போன்ற மென்மையான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாளுக்கு எழுதித் தருவார். ஐந்து முதல் ஏழு நாள் போதுமானதாக இருக்கும்.

மருந்துக்கடையில் "நெத்தி கறுப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேட்டு வாங்குவதுதான் பெரிய ஆபத்து. அப்படிக் கிடைப்பவற்றில் பலவும் குளோபீட்டசால் போன்ற பலமான ஸ்டீராய்டு உள்ள படர்தாமரைக் களிம்புகள், அல்லது ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமீட்டசோன் மூன்றும் கலந்த வெளுப்புக் கிரீம்கள். முதல் வாரம் அற்புதமாகத் தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், பரு வரும், பூனைமுடி வளரும், நிறுத்தினால் முகமே எரியும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, கரகரப்பான ஸ்கிரப் இவையும் அழற்சியைக் கிளறி மறுபடி கறுக்கவைக்கும்.

கறுப்பு குறைய உண்மையாக உதவுவது வெயிலை மறைப்பது. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், வாசனையில்லாத சன்ஸ்கிரீனைக் காலையில் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை மறுபடி பூச வேண்டும். இரும்பு ஆக்சைடு கலந்து லேசான தோல் நிறத்தில் வரும் வகை இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்கவைக்கும், அதைத் தடுப்பது அந்த இரும்பு ஆக்சைடுதான். பழுப்புக் கறுப்பு சில மாதங்களில் மங்கும். சாம்பல் நீலக் கறுப்புக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அவசரமாக நீக்க வேண்டுமென்றால் அசிலாயிக் அமிலம் போன்றவற்றை மருத்துவர் சொல்லி, அரிப்பு அடங்கிய பிறகே தொடங்க வேண்டும்.

எந்தப் பொட்டு வைக்கலாம்

பசைதான் காரணம் என்றால் ஒட்டாத பொட்டுக்கு வர வேண்டும். 'ஹைப்போ அலர்ஜெனிக்' என்று அட்டையில் போட்டிருந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத அந்த ஒரு பொருள் அதில் இல்லை என்று அந்தச் சொல் உறுதி தருவதில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் பவுடர் போடுவது, கிரீம் தடவுவது, நெயில்பாலிஷ் பூசுவது எதுவும் பசையைத் தடுக்காது. நெயில்பாலிஷ் தன் பங்குக்கு இன்னொரு ஒவ்வாமையைக் கொண்டுவரலாம்.

சாயம் காரணம் என்றாலும், பசை காரணம் என்றாலும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்வது இரும்பு ஆக்சைடு நிறமுள்ள பென்சில் அல்லது ஐலைனர். பொருட்பட்டியலில் நிறத்துக்கு எதிரே சி.ஐ. 77491 என்றிருந்தால் சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77499 என்றால் கறுப்பு. நிறங்களின் பட்டியலில் 7749 என்று தொடங்கும் எண்கள் மட்டும் இருந்தால் நல்லது. அந்தச் சிவப்பு குங்குமம் போலப் பளிச்சென்று இருக்காது, செங்கல் நிறமாகத்தான் இருக்கும். பளிச்சென்ற சிவப்பு வேண்டுமென்று லிப்ஸ்டிக்கைப் பொட்டாக வைத்தால் சாயமும் வாசனையும் திரும்ப உள்ளே வந்துவிடும்.

இன்னொன்று, குழந்தைகளுக்கு வீட்டில் காய்ச்சும் ஜவ்வரிசிச் சாந்து. இதில் இரண்டே பொருள்தான். இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை இரும்புச் சட்டியில் மிதமான தீயில் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். பொன்னிறம், பழுப்பு தாண்டி உள்வரை கறுத்து, புகைந்து, ஒன்றோடொன்று உருகி ஒட்டும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கப் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மொத்தமாக ஊற்றினால் மேலே தெறித்துப் பொங்கும். மறுபடி காய்ச்சிக் குழம்பு பதத்துக்கு வந்ததும் துணியில் வடிகட்டி, உலர்ந்த கொட்டாங்குச்சியில் ஊற்றி, வெயிலில் இரண்டு மூன்று நாள் கட்டியாகும்வரை காயவைக்க வேண்டும். ஈர விரலால் தேய்த்துத் தொட்டு வைத்தால் நிற்கும். கருகிய மாவுச்சத்தே பசை போல ஒட்டிக்கொள்வதால் வேறு பசை தேவையில்லை.

சரியாகக் கறுக்காமல் எடுத்துவிட்டால் சாந்து பழுப்பாகப் பிசுபிசுக்கும், எறும்பு மொய்க்கும், பூஞ்சை பிடிக்கும். சாம்பலாகும்வரை எரித்துவிட்டால் நீரில் கரையாமல் தூளாக உதிரும். வியர்வையில் கரைந்து வழிவது இதன் குறை. ஒவ்வொரு முறை தொட்டபின்னும் காயவிட்டுத்தான் மூட வேண்டும். பூஞ்சை வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

வீட்டுக் குங்குமம் பற்றி ஓர் எச்சரிக்கை. மஞ்சள், சுண்ணாம்பு மட்டும் சேர்த்துச் செய்தது என்பதாலேயே அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. சுண்ணாம்பு கூடினால் தோல் வெந்துபோகும். மஞ்சளுக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் அரிது என்றாலும் இருக்கிறார்கள். சந்தனத்துக்கும் இதே பேச்சு பொருந்தும். எதுவானாலும் முதலில் கையில் ஏழு நாள், பிறகு நெற்றி.

தொந்தரவே வேண்டாம் என்று நெற்றியில் பொட்டைப் பச்சை குத்திக்கொள்வதையும், கறுப்பு மருதாணி என்று விற்கும் கூழால் பொட்டு வரைந்துகொள்வதையும் தவிர்த்துவிடுங்கள். பச்சை குத்தும் மைகளில் சிவப்புதான் அதிகம் ஒவ்வாமை தருவது. அது தோலுக்குள்ளேயே இருப்பதால் அரித்தால் துடைத்தெடுக்க வழியில்லை. கறுப்பு மருதாணியில் கலப்பது தலைச்சாயப் பொருளான பாரா ஃபினைலின் டையமின். அது கொப்புளம் வரவைத்து, தலைச்சாயத்தையும் வாழ்நாளுக்கும் ஒத்துக்கொள்ளாமல் செய்துவிடலாம்.

கோவிலில் குங்குமம் தந்தால் மறுக்க மனம் வராது. நெற்றியில் ஏற்கெனவே பென்சில் பொட்டு இருக்கட்டும், பிரசாதக் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொள்ளலாம். யாராவது வைத்துவிட்டால் வீட்டுக்கு வந்தவுடன் தேய்க்காமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மென்மையான சோப்பும் தண்ணீருமாகக் கழுவிவிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறோமோ அவ்வளவு குறைவாகச் சாயம் உள்ளே இறங்கும். அடுத்த மூன்று நாள் அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டு, வேறு புதுப் பொருள் எதையும் நெற்றியில் தொடங்காமல் இருங்கள்.